கீழ்க்கோணத்திலும் மேல்கோணத்திலும் ஃபேஸ் ஸ்வாப்: நேர்முகப் படத்தை வைத்துக்கொண்டு எதுவரை போகலாம்

சண்டைக் காட்சியில் டூப் ஆடுகிறார், நடிகரின் முகத்தைப் பிறகு ஒட்ட வேண்டும். கையில் இருப்பது நடிகர் சம்மதத்தோடு கொடுத்த நேர்முகப் படங்கள் மட்டும். கேமராவோ இடுப்பு உயரத்தில் இருந்து அண்ணாந்து பார்க்கிறது. ஃபேஸ் ஸ்வாப் மென்பொருளை நீண்ட நாள் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு மீண்டும் மீண்டும் தலைவலி தருவது இந்த நிலைமைதான். பக்கவாட்டில் திரும்பிய முகத்தைக்கூட ஓரளவு சமாளித்துவிடலாம். அண்ணாந்த முகம் வேறு வகையில் காலை வாரும். இங்கே சொல்வது FaceFusion-இல் inswapper_128 மாடலை வைத்து வேலை செய்வதைப் பற்றி. இதே மாடலை ஓட்டும் மற்ற கருவிகளிலும் அடிப்படை இதேதான்.

பலர் முதலில் சந்தேகப்படுவது சோர்ஸ் படத்தை, அதாவது நடிகரின் நேர்முகப் படத்தை. அது பெரும்பாலும் தவறான இடம். இந்த மாடல் சோர்ஸ் முகத்தைப் படமாகவே பார்ப்பதில்லை. அதை 512 எண்கள் கொண்ட அடையாளக் குறிப்பாக, அதாவது எம்பெடிங்காக, மாற்றித்தான் வாங்கிக்கொள்கிறது. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறதா என்பதெல்லாம் டூப் இருக்கும் டார்கெட் ஃப்ரேமில் இருந்து வருபவை. சோர்ஸ் நேர்முகமாக இருப்பது எம்பெடிங்குக்கு நல்லதே. நேர்முகத்தால் வரும் நஷ்டம் ஒன்றுதான்: அந்த நடிகரின் மூக்குத் துவாரமும் தாடையின் அடிப்பக்கமும் எப்படி இருக்கும் என்ற தகவல் அதில் இல்லை. மாடல் அவற்றைப் பொதுவான ஒரு வடிவத்தில் இட்டு நிரப்பும்.

உண்மையான கோளாறு அலைன்மெண்டில் தொடங்குகிறது. டார்கெட் முகத்தில் ஐந்து புள்ளிகள் எடுக்கப்படும்: இரண்டு கண், மூக்கு நுனி, வாயின் இரண்டு ஓரம். இந்த ஐந்தையும் 128 பிக்சல் கட்டத்தில் நேர்முகத்தின் அதே ஐந்து புள்ளிகளை நிலையாகக் குறித்துவைத்த ஓர் அச்சோடு பொருத்துவார்கள். பொருத்துவதற்கு அனுமதி உள்ள அசைவுகள் நகர்த்தல், சுழற்றல், சீராகப் பெரிதாக்கல் ஆகியவை மட்டுமே. அண்ணாந்து பார்த்ததால் உயரம் மட்டும் சுருங்கிய முகத்தை இந்த அசைவுகளால் நிமிர்த்த முடியாது. கண்ணுக்கும் வாய்க்கும் இடையே இருக்கும் தூரம் அச்சில் உள்ளதைவிடக் குறைந்தால், கணக்கு ஒரு சமரசத்துக்குப் போகிறது. முகம் முழுவதையும் சற்றுப் பெரிதாக்கிவிடுகிறது.

எவ்வளவு என்று பார்ப்போம். அச்சில் இரு கண்களுக்கு இடையே சுமார் 35 பிக்சல், கண் வரிசையில் இருந்து வாய் வரை சுமார் 41. கண் வரிசை மேலிருந்து 52-ஆவது பிக்சலில். பொதுவான முப்பரிமாண முக அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால், 30 டிகிரி கீழ்க்கோணத்தில் முகம் சுமார் 7 சதவீதமும் 45 டிகிரியில் சுமார் 13 சதவீதமும் பெருத்துப்போகும். 30 டிகிரியில் கண் வரிசை 3 பிக்சல் கீழே இறங்கும், வாய் கிட்டத்தட்ட தன் இடத்திலேயே நிற்கும். 3 பிக்சல்தானே என்று தோன்றும். 128 பிக்சலில் வரைந்ததை 600 பிக்சல் அகல முகமாக விரிக்கும்போது அது 14 பிக்சல். கன்னம் ஊதியது போலவும் கண்கள் வாயை நோக்கி இறங்கியது போலவும் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே ஸ்வாப் ஓட்டும் முன்பே எந்த ஃப்ரேம் தாங்கும், எது தாங்காது என்று அளந்துவிடுவது நல்லது. அதற்குச் சிறந்த அளவுகோல் மூக்கு. கண் வரிசைக்கும் வாய்க்கும் நடுவே மூக்கு நுனி எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும். நேர்முகத்தில் அது ஏறத்தாழ பாதி வழியில், 0.5 அருகில் இருக்கும். 30 டிகிரி கீழ்க்கோணத்தில் மூக்கு கண்ணை நோக்கி ஏறி 0.3 பக்கம் வந்துவிடும். அதே 30 டிகிரி மேல்கோணத்தில் 0.75 பக்கம் இறங்கும்.

```python
import cv2, numpy as np
from insightface.app import FaceAnalysis

app = FaceAnalysis(name='buffalo_l')
app.prepare(ctx_id=0, det_size=(640, 640))
f = app.get(cv2.imread('frame_0061.png'))[0]

eye = (f.kps[0] + f.kps[1]) / 2
mouth = (f.kps[3] + f.kps[4]) / 2
axis = mouth - eye
print(np.dot(f.kps[2] - eye, axis) / np.dot(axis, axis))
```

ஆளுக்கு ஆள் மூக்கு மாறும். அதனால் டூப் நேராகப் பார்க்கும் ஒரு ஃப்ரேமை முதலில் அளந்து, அதிலிருந்து எவ்வளவு விலகியது என்று பாருங்கள். இதே மாடல் தொகுப்பு `f.pose` வழியாகச் சாய்வை டிகிரியிலும் தருகிறது. ஆனால் அதை நம்பும் முன், கோணம் தெரிந்த ஒரு படத்தில் கூட்டல் கழித்தல் குறி எந்தப் பக்கம் என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்வோம். 24 ஃப்ரேம் வேகத்தில் 4 விநாடி, மொத்தம் 96 ஃப்ரேம். டூப் கேமராவை நோக்கி நடந்து வருகிறார், சாய்வு 12 டிகிரியில் தொடங்கி 38 டிகிரியில் முடிகிறது. மூக்கு அளவு 0.43 பக்கம் ஆரம்பித்து 0.2 பக்கம் இறங்கும். 0.35 வரை உள்ள ஃப்ரேம்களை வழக்கமான அமைப்பிலேயே ஓட்டலாம். அதற்குக் கீழே போனதும் முதலில் உடைவது தாடை.

காரணம் எளிது. கட்டத்தில் வாய்க்குக் கீழே சுமார் 36 பிக்சல் இடம் இருக்கிறது. நேர்முகத்தில் அந்த இடத்தை மோவாய் நிரப்பிவிடும். அண்ணாந்த முகத்தில் மோவாய் சீக்கிரமே முடிந்து, தாடையின் அடிப்பக்கமும் கழுத்தும் அங்கே வந்துவிடும். மாடலின் பழக்கம் அங்கே ஒரு மோவாயை வரைவது. விளைவு, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு தாடைக் கோடு. நிறுத்தி வைத்த ஃப்ரேமில் இதைக் கவனிக்காமல் விட்டாலும், ஓடவிட்டால் கழுத்துத் தோல் முகத்தோடு சேர்ந்து நழுவுவது காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு மாஸ்க்கின் அடிப்பக்கத்தை வெட்ட வேண்டும்.

```
--face-mask-types box occlusion --face-mask-blur 0.3 --face-mask-padding 0 0 16 0
```

நான்கு எண்களும் மேல், வலம், கீழ், இடம் என்ற வரிசை, கட்டத்தின் சதவீதத்தில். இங்கே பலர் ஏமாறும் ஒரு நுணுக்கம்: blur 0.3 என்று இருக்கும்போது ஓரத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் ஏற்கெனவே வெட்டப்பட்டுவிடுகிறது. ஆகவே padding-ஐ 3, 5 என்று ஏற்றிப் பார்த்துவிட்டு ஒன்றுமே மாறவில்லையே என்று கைவிடாதீர்கள். 8 தாண்டிய பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். மேலே சொன்ன ஷாட்டில் 25 டிகிரி வரை 0, அங்கிருந்து கடைசி வரை 16 என்று இரண்டு துண்டாக ஓட்டி, இணைப்பில் 8 ஃப்ரேம் குறுக்குக் கரைப்பு வைப்பதே என் தேர்வு. ஷாட் முழுவதற்கும் 16 வைத்தால் தொடக்க ஃப்ரேம்களில் நடிகரின் மோவாய் காணாமல் போய், ஆள் அடையாளம் தளர்ந்துவிடும்.

30 டிகிரி தாண்டியதும் அடுத்தது மூக்குத் துவாரம். மாடல் வரைந்த துவாரம் டூப்பின் துவாரத்தோடு பொருந்தாமல் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் துடிக்கும். மூக்கு நுனிப் புள்ளியே துவார விளிம்புக்கும் நுனிக்கும் இடையே தாவுவதும் இதில் சேர்ந்துகொள்கிறது. இங்கே பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை. region மாஸ்க்கில் nose-ஐ எடுத்துவிட்டு டூப்பின் மூக்கையே விட்டுவிடுங்கள். அண்ணாந்த முகத்தில் பார்வையாளர் ஆளை அடையாளம் காண்பது கண், புருவம், உதடு ஆகியவற்றை வைத்துத்தான். டூப்பின் மூக்கு நிறத்திலும் பருமனிலும் மிகவும் வேறுபட்டால் மட்டும் இது எடுபடாது.

ஃபேஸ் என்ஹான்சரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்வாப் முடிந்த மங்கலைத் தெளிவாக்க GFPGAN போடுவது பலருக்கு அனிச்சைச் செயல். அது கற்றுக்கொண்ட FFHQ படத்தொகுப்பில் பெரும்பாலானவை நேராகப் பார்க்கும் முகங்கள். அண்ணாந்த முகத்தைக் கொடுத்தால் கண் இமையைத் திறந்து, துவாரத்தைச் சின்னதாக்கி, முகத்தை நேர்ப்படுத்தப் பார்க்கும். கழுத்து ஒரு கோணத்திலும் கண்கள் இன்னொரு கோணத்திலும் நிற்பது போன்ற அந்த விசித்திரம் இதனால் வருவதே. 25 டிகிரிக்கு மேல் blend-ஐ 40-க்குள் வைப்பது, அல்லது என்ஹான்சரை அணைத்துவிட்டு pixel boost-ஐ 256x256 ஆக்குவது, இரண்டில் பின்னது மேல். கூர்மை குறையும், கோணம் கெடாது.

மேல்கோணம் ஒப்பீட்டில் சாது. 30 டிகிரியில் பெருப்பு 5 சதவீதத்துக்குள் நிற்கும். கண் வரிசை நகராது, வாய் மட்டும் 3 பிக்சலுக்குச் சற்று அதிகமாக மேலே ஏறும். தொந்தரவு நெற்றியில். கேமராவுக்கு நெற்றி பரந்து தெரியும், கட்டமோ அதை முழுதாக அடக்காது, குறுக்கே ஒரு நிறப்பட்டை விழும். மேல் padding-ஐ ஏற்றிப் புருவத்துக்குச் சற்று மேலேயே வெட்டினால் பட்டை மறையும், நெற்றி முழுக்க டூப்புடையதாகிவிடும். 40 டிகிரியில் மூக்கு மேலுதட்டை மறைக்கத் தொடங்கும். மாடலோ மறைந்த உதட்டையும் சேர்த்து வரையப் பார்க்கும். வசனம் பேசும் ஷாட்டாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு நடிகருக்கென்றே தனியாகப் பயிற்றுவிக்கும் DeepFaceLab போன்ற முறையில் நிலைமை தலைகீழ். அங்கே சோர்ஸ் நேர்முகமாக மட்டும் இருந்தால் அதுவே முதல் குற்றவாளி. இல்லாத கோணத்தை மாடல் மங்கலாக்கும், அல்லது டூப்பின் முகத்தையே திருப்பித் தரும். பிரித்தெடுத்த முகங்களை pitch வரிசையில் அடுக்கிப் பார்த்தால் எங்கே வெற்றிடம் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதை நிரப்ப, நடிகர் தலையை மெதுவாக அண்ணாந்து குனிந்து, இரு பக்கமும் திரும்பி அதையே மறுபடி செய்யும் ஒரு நிமிட வீடியோ தேவை. சம்மதக் கையெழுத்து வாங்கும் நாளிலேயே இதை எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். படப்பிடிப்பில் வைக்கப்போகும் அதே தூரத்தில் கேமராவை வையுங்கள். கைக்கெட்டும் தூரத்து அகல லென்ஸில் பெருக்கும் மோவாயும் தூரத்து டெலி லென்ஸில் தெரியும் மோவாயும் ஒன்றல்ல. சாய்வு ஒன்றாக இருந்தாலும் பொருந்தாது.

நேர்முகம் மட்டுமே கையில் உள்ள inswapper வேலைக்கு என் வரம்பு இது: கீழ்க்கோணத்தில் 35 டிகிரி, மேல்கோணத்தில் 40. மேலே சொன்ன ஷாட்டின் 38 டிகிரி வால் பகுதியை எடிட்டரிடம் சொல்லி 10 ஃப்ரேம் முன்பே வெட்டச் சொல்லுங்கள். கூலி வாங்கும் வேலையாக இருந்தால் இன்னொன்றையும் முன்பே பாருங்கள்: InsightFace தன் மாடல்களை வணிகமல்லாத ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடுதான் தருகிறது, கோடுக்கு உள்ள MIT உரிமம் மாடலுக்குப் பொருந்தாது.