செவிலியர் தேர்வு வினாக்களைத் தமிழாக்கம் செய்யக் கொடுத்து 24,000 ரூபாயை இழந்தேன்: கொடுக்க இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

நேற்று மாலைதான் அந்த இணையவழி மொழிபெயர்ப்புத் தளத்திலிருந்து இறுதிப் பதில் வந்தது. பணம் திரும்பக் கிடைக்காது என்பதை இரண்டே வரிகளில் முடித்துவிட்டார்கள். ஆத்திரம் அடங்கும்வரை காத்திருந்தால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

துணைச் செவிலியர் பயிற்சியில் இருக்கும், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கு நான் பாடம் நடத்துகிறேன். அவர்களுக்கான மாதிரித் தேர்வுக்காக ஆங்கிலத்தில் நானே பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த 400 கொள்குறி வினாக்களைத் தமிழில் கொண்டுவர வேண்டியிருந்தது. வினாவுக்கு 60 ரூபாய், மொத்தம் 24,000 ரூபாய் என்று பேசினோம். எனக்கு நம்பிக்கை வந்தது அவர்கள் அனுப்பிய மாதிரியைப் பார்த்துத்தான். ஐந்து வினாக்களை அவர்களே தேர்ந்தெடுத்து, அழகான தமிழில் அனுப்பியிருந்தார்கள். பெரியவர்களின் இயல்பான நாடித்துடிப்பு எவ்வளவு, இன்சுலினைச் சுரக்கும் உறுப்பு எது என்பது போன்றவை அவை. எண்ணையோ பெயரையோ கேட்கும் இப்படிப்பட்ட வினாவை யார் மொழிபெயர்த்தாலும் கெடாது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. "மருத்துவத் துறை அனுபவம் உள்ளவர்கள்தான் செய்வார்கள், மேடம்" என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னதும் பாதிப் பணத்தை அன்றே அனுப்பினேன். மீதிப் பாதியைக் கோப்பைத் திறந்து படிப்பதற்கு முன்பே கட்டினேன்.

முப்பது மாணவிகளிடம் அந்த வினாத்தாளைக் கொடுத்த அன்றுதான் உண்மை தெரிந்தது. இரத்தம் ஏற்றத் தொடங்கிய பத்து நிமிடங்களில் நோயாளிக்குக் குளிர்நடுக்கமும் இடுப்புவலியும் வருகின்றன, செவிலியர் முதலில் செய்ய வேண்டியது எது என்பது என்னுடைய வினா. மருத்துவருக்குத் தெரிவித்தல், இரத்தம் ஏற்றுவதை நிறுத்துதல், புதிய குழாய் வழியாக நார்மல் சலைன் செலுத்துதல், இரத்தப் பையைக் குழாயுடன் இரத்த வங்கிக்கு அனுப்புதல் என்று நான்கு தெரிவுகள் கொடுத்திருந்தேன். இந்த நான்கும் வார்டில் செய்ய வேண்டியவையே. ஏறிக்கொண்டிருக்கும் இரத்தத்தை நிறுத்தாமல் மற்ற மூன்றில் எதைச் செய்தாலும் ஒவ்வொரு துளியும் ஆபத்தைக் கூட்டும் என்பதால் நிறுத்துவது மட்டுமே விடையாகிறது. அந்த வினா முழுவதும் "முதலில்" என்ற ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. வந்த தமிழிலோ "செவிலியர் என்ன செய்ய வேண்டும்?" என்று இருந்தது. ஒரு பெண் எழுந்து நின்று, "மேடம், நாலுமே செய்யணுமே, எதைக் குறிக்கிறது?" என்று கேட்டாள். அவள் கேட்டது முற்றிலும் நியாயம். நன்றாகப் படித்த மாணவிகள்தான் அந்த வினாவில் அதிகம் தடுமாறினார்கள். விடைகள் நான்கு பக்கமும் சிதறியிருந்தன.

இதற்கு நேர்மாறான கேடு இன்னொரு வினாவில் இருந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் அளவு மிகுந்து இரத்தப்போக்கு ஏற்பட்டவருக்கு எந்த முறிமருந்து என்று கேட்டு, புரோட்டமின் சல்ஃபேட், நாலாக்சோன், வைட்டமின் கே, கால்சியம் குளுக்கோனேட் என்று கொடுத்திருந்தேன். நான்குமே வேறு வேறு மருந்துகளுக்கு முறிமருந்துகள்தாம். குறிப்பாக, புரோட்டமின் ஹெப்பாரினுக்கு உரியது; ஹெப்பாரினையும் வார்ஃபரினையும் குழப்பிக்கொள்ளும் மாணவி அதைக் குறிப்பாள், அவளைக் கண்டுபிடிக்கத்தான் அதை வைத்தேன். ஆங்கிலத்தில் கோடிட்ட இடம் வாக்கியத்தின் கடைசியில் வரும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் அந்த இடம் நடுவே வந்து, அதன் பின்னால் வேற்றுமை உருபும் ஒட்டிக்கொள்கிறது. அவர்கள் எழுதியது "நோயாளிக்கு ______யைக் கொடுக்க வேண்டும்." அந்த "யை" உருபு உயிரொலியில் முடியும் சொல்லோடுதான் சேரும். நான்கில் அப்படி முடிவது வைட்டமின் கே மட்டுமே. முப்பது பேரும் சரியாகக் குறித்திருந்தார்கள். மகிழ்ந்துபோய், ஹெப்பாரினுக்கு எது என்று வாய்மொழியாகக் கேட்டபோது பாதிப்பேருக்கு மேல் பதில் இல்லை. மருந்தியல் தெரியாமலே தமிழ்க் காதால் விடையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். "இதற்குரிய முறிமருந்து எது?" என்று வினாவை முடித்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது.

மூன்றாவதாக ஒன்றை மட்டும் சொல்கிறேன். நெடுநாளாக ஃப்ரூசமைடு எடுப்பவருக்குத் தசைச்சோர்வும் கால்பிடிப்பும் வந்தால் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்ற வினாவில், சரியான விடையை மட்டும் "இரத்தத்தில் பொட்டாசியம் குறைதல்" என்று விளக்கி எழுதிவிட்டு, மற்ற மூன்றையும் ஹைப்பர்கலேமியா, ஹைப்பர்நேட்ரீமியா, ஹைப்பர்கால்சீமியா என்று ஒலிபெயர்த்து விட்டிருந்தார்கள். நான்கில் ஒன்று மட்டும் புரிகிற மொழியில் இருந்தால் எந்த மாணவியும் அதைத்தான் குறிப்பாள். நான்கையும் தமிழில் எழுதியிருக்கலாம், அல்லது நான்கையும் ஒலிபெயர்த்திருக்கலாம். ஒரே வினாவுக்குள் கலந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

இவற்றை எல்லாம் வரிவரியாக எழுதி அனுப்பினேன். எழுத்துப்பிழை இருந்தால் மட்டுமே இலவசமாகத் திருத்துவோம் என்பது முதல் பதில். இலக்கணப்படி வாக்கியம் சரியாகத்தானே இருக்கிறது என்பது இரண்டாவது பதில். "முதலில்" விடுபட்டதைச் சுட்டிக் காட்டியபோது, படிப்பவர்களுக்கு அது தானாகவே புரியும் என்றார்கள். அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. மருத்துவத் துறை அனுபவம் உள்ளவர் ஒருவராவது இந்தத் தாளைப் பார்த்தாரா என்று நான்கு முறை கேட்டேன், பதில் வரவில்லை. 24,000 ரூபாய் என் ஒன்றரை மாதச் சேமிப்பு. வினாவுக்கு 60 ரூபாய் வாங்கியவர்கள் வினா என்றால் என்னவென்றே தெரியாமல் வாக்கியங்களை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். 400 வினாக்களையும் இப்போது நானே உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறேன், இரவு பதினொன்றைத் தாண்டியும் 70 தான் முடிந்திருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், அதற்கு நேரமில்லை. மாதிரி கேட்டால் வினாக்களை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். "முதலில்", "கூடாதது", "தவிர" என்ற சொற்கள் வரும் வினாக்களையே கொடுங்கள். தமிழாக்கம் வந்ததும் ஆங்கில மூலத்தையும் விடைக் குறிப்பையும் பார்க்காத ஒரு செவிலியரிடம் தமிழ்த்தாளை மட்டும் கொடுத்து விடை எழுதச் சொல்லுங்கள். அவர் இரண்டு விடைகளுக்கு நடுவே நின்றால் அந்த வினாவைத் திருப்பி அனுப்புங்கள். பாடம் படிக்காத வீட்டு ஆள் ஒருவர் ஊகித்தே பலவற்றைச் சரியாகக் குறித்தால் தெரிவுகளிலோ வாக்கிய அமைப்பிலோ விடை கசிகிறது என்று பொருள். இவை முடியும்வரை மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். நான் கட்டினேன், 24,000 ரூபாயும் போயிற்று.