தினமும் போட வெள்ளியா, கவரிங்கா, இமிட்டேஷனா?

மகள் லோக்கல் ரயிலில் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் தங்கக் கம்மலைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டேன். மும்பையில் இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பதிலுக்கு ஜவேரி பஜாரிலும் புலேஷ்வரிலும் அலைந்து கடைசியில் வாங்கியது வெள்ளிக் கம்மல். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையில் இமிட்டேஷன் மலிவு, பார்க்கத் தங்கம் மாதிரி இருப்பது கவரிங். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பார்த்தது வேறு: மேல்பூச்சு தேய்ந்த பிறகு தோலில் படுவது எந்த உலோகம்?

கவரிங், ஒன் கிராம் கோல்டு எல்லாமே பெரும்பாலும் செம்பு அல்லது பித்தளை மேல் தங்கமுலாம். ஒரு கிராம் என்பது பெயரில்தான். சாதாரண முலாம் ஒரு மைக்ரானைக் கூடத் தொடாது. நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். செம்பு மேலே கசிந்து வராமலிருக்க, பல பட்டறைகளில் தங்கத்துக்கு அடியில் நிக்கல் பூச்சு ஒன்றும் கொடுப்பார்கள். வில்லங்கம் அங்கேதான்.

நம் ஊர்க் கம்மலுக்குத் திருகாணி உண்டு. ஒவ்வொரு முறை திருகும்போதும் மரையில் இருக்கும் முலாம்தான் உராயும். கம்மலின் முகப்பு பளபளவென்று இருக்கும்போதே காது ஓட்டைக்குள் இருக்கும் தண்டில் தங்கம் போயிருக்கும். மும்பை வியர்வையின் உப்பு அங்கே நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. போட்ட உடனே தெரியாமல், ஓரிரு நாள் கழித்து அரிப்பு, சிவப்பு, பிறகு நீர்க்கசிவு என்று வரும். ஒருமுறை இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக ஆயுசுக்கும் இருக்கும். தண்டில் நெயில்பாலிஷ் தடவுவது சில நாள் தாங்கும், அவ்வளவுதான்.

தோல் பச்சையாவது வேறு விஷயம். அது செம்பும் வியர்வையும் சேர்ந்த கறை, சோப்புப் போட்டால் போய்விடும். வலியும் சீழுமாக இருந்தால் கிருமித்தொற்று. அதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும்.

இமிட்டேஷனில் உள்ளே என்ன கலவை என்று கடைக்காரருக்கே தெரியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்தது. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெள்ளி என்று நினைத்து இதை வாங்கினால் பிரச்சினைதான். ‘ஆக்ஸிடைஸ்டு’ என்று தொங்கும் கறுப்பு நகையிலும் இதே சந்தேகம் உண்டு. வெள்ளியா என்று கேளுங்கள், 925 முத்திரையைத் தேடுங்கள்.

வெள்ளிக்கு வருவோம். முழுச் சுத்த வெள்ளி மெத்தென்று வளையும் என்பதால் கம்மல், மோதிரம் மாதிரியானவை பெரும்பாலும் 92.5 சதவீத வெள்ளி, மீதி செம்பு. 925 முத்திரை சொல்வது இதைத்தான். இதிலும் ஒரு குறை உண்டு: கறுக்கும். காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மேலே கறுப்புப் படலம் போடும். வெங்காயம், முட்டை, ரப்பர் பேண்ட் எல்லாமே இதைச் செய்யும். வெள்ளிச் சங்கிலியை ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் அந்த இடம் மட்டும் கோடாகக் கறுத்திருக்கும்.

ஆனால் இந்தக் கறுப்பை எடுத்துவிடலாம். கிண்ணத்தில் அலுமினியம் ஃபாயில் விரித்து, நகை அதில் படும்படி வைத்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கொதிநீர் ஊற்றினால் சில நிமிடத்தில் கறுப்பு குறையும். லேசாக அழுகிய முட்டை வாடை வரும்; வெளியேறும் கந்தகம்தான் அது. முத்து, ஒட்டவைத்த கல், வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாடு இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அவற்றை மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். பாட்டி செய்த மாதிரி விபூதி வைத்துத் தேய்ப்பதும் சரிதான், பற்பசை மட்டும் வேண்டாம், கீறல் விழும். முலாம் போன கவரிங்கை இப்படி வீட்டில் மீட்க முடியாது, மறுபடி முலாம் போடத்தான் வேண்டும்.

விற்கும்போதும் அப்படியே. 925 முத்திரை உள்ள 20 கிராம் கொலுசில் 18.5 கிராம் வெள்ளி இருக்கிறது. செய்கூலி திரும்பாது, உருக்கும்போது கொஞ்சம் கழிப்பார்கள், மிச்சத்துக்குப் பணம் உண்டு. கவரிங்குக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

வெள்ளிமேல் தடித்த தங்கமுலாம் போட்ட நகையும் கிடைக்கிறது. தேய்ந்தாலும் அடியில் வெள்ளிதான் என்பது நல்ல விஷயம். ஆனால் நாங்கள் அதைத் தினமும் போட்டுப் பார்த்ததில்லை, எவ்வளவு நாள் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. வெள்ளியிலும் பளபளப்புக்கு ரோடியம் பூசியது வந்தால், அடியில் நிக்கல் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

கல்யாணத்துக்கு ஒரு நாள் போடும் ஆரத்துக்கு மட்டும் நானும் புலேஷ்வர் இமிட்டேஷன்தான் வாங்குவேன். அதை ரவிக்கைத் துணிமேல் படும்படி போட்டு, வீட்டுக்கு வந்ததும் கழற்றித் துடைத்து வைத்துவிடலாம்.