லிஃப்ட் முறையா, கிட்டத்து முறையா? ஹார்டு டிஸ்க் ஹெட்டின் அலைச்சல் கணக்கு

தரவைப் படிக்கும் ஹெட் 400ஆம் சிலிண்டரில், அதாவது டிஸ்கின் 400ஆம் வட்டத் தடத்தில் இருக்கிறது, எண் கூடும் பக்கமாக மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. படிக்கக் கேட்டு வந்த கோரிக்கைகள், வந்த வரிசையில்: 420, 90, 700, 410, 150, 650, 380, 880.

வந்தபடியே படித்தால் ஹெட் மொத்தம் 2,780 சிலிண்டர் அலைய வேண்டும். இதை இத்தோடு விட்டுவிடலாம்.

எப்போதும் பக்கத்தில் இருப்பதையே எடுக்கும் முறையில் 410, 420, 380, 150, 90 என்று இறங்கி, பிறகு 650, 700, 880 என்று ஏறும். மொத்தம் 1,140. லிஃப்ட் முறையில் 880 வரை ஏறிவிட்டுத் திரும்பி 380, 150, 90 என்று இறங்கும். மொத்தம் 1,270. ஆக, தூரத்தில் ஜெயிப்பது கிட்டத்து முறைதான். ஆனாலும் நான் லிஃப்ட் பக்கமே நிற்பேன். காரணம் 880. கிட்டத்து முறையில் 400ஐச் சுற்றிப் புதுக் கோரிக்கைகள் வந்துகொண்டே இருந்தால் 880இன் முறை வராமலே போகலாம். சராசரி நேரம் நன்றாகத் தெரியும், ஒரு சில வாசிப்புகள் மட்டும் நொடிக்கணக்கில் தொங்கும். அதுதான் அறிகுறி.

லிஃப்டிலும் ஓட்டை உண்டு. ஹெட் நிற்கும் சிலிண்டருக்கே கோரிக்கைகள் குவிந்தால் அது நகராது. அதற்குத்தான் இரண்டு வரிசை வைப்பார்கள்: சுற்று தொடங்கியதும் முதல் வரிசையை மூடிவிட்டு, புதிதாக வருபவற்றை இரண்டாவதில் போடுவார்கள்.

இன்னொரு குறை, ஓரங்களுக்கு நடக்கும் அநியாயம். ஹெட் 90ஐ விட்டுக் கிளம்பிய மறுகணம் அங்கே ஒரு கோரிக்கை வந்தால், ஹெட் போய்த் திரும்பும் வரை அது காத்திருக்க வேண்டும். நடுவில் இருப்பவற்றை ஹெட் இரு திசையிலும் கடப்பதால் அவற்றுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஒரே திசையில் மட்டும் படிக்கும் வகை இதைச் சரிசெய்கிறது: 880 முடிந்ததும் நேராக 90க்குத் தாவி, 150, 380 என்று மறுபடி ஏறும். தூரம் 1,560 ஆகிறது. ஆனால் அதில் 790 ஒரே தாவல். நீண்ட தாவலில் ஹெட் வேகம் எடுத்துவிடும், ஓரிடத்தில் நிலைகொள்ளும் நேரமும் ஒரு தடவைதான். அதனால் தூரம் காட்டும் அளவுக்கு நேரம் கூடாது.

லினக்ஸில் டிஸ்க் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் mq-deadline இந்த ஒருவழி ஏற்றத்தோடு கெடுவும் சேர்க்கிறது. வாசிப்புக்கு இயல்பான கெடு 500 மில்லிநொடி. sda என்ற டிஸ்கில் எந்த முறை ஓடுகிறது, அது mq-deadline என்றால் கெடு எவ்வளவு என்று பார்க்க:

```
cat /sys/block/sda/queue/scheduler
cat /sys/block/sda/queue/iosched/read_expire
```

கெடு தாண்டிய கோரிக்கை இருந்தால், கையில் உள்ள தொகுதி முடிந்ததும் அங்கே தாவி, அங்கிருந்து ஏற்றத்தைத் தொடரும். சுமை அதிகமாகி எல்லாமே கெடு தாண்டினால் வந்த வரிசைக்கே திரும்பியது போலாகிவிடும், வேகம் சரியும். அப்போது கெடுவைக் குறைப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். கூட்டிப் பார்க்க வேண்டும்.