டெசராக்டா, கிளவுட் சேவையா?

ஸ்கேன் செய்த பக்கங்களில் உள்ள எழுத்தைக் கணினி உரையாக மாற்ற இரண்டு வழி: டெசராக்ட் என்ற மென்பொருள், அல்லது பக்கத்தை இணையத்தில் அனுப்பிப் படிக்கவைக்கும் கிளவுட் சேவை. டெசராக்ட் இலவசம், சொந்தக் கணினியிலேயே ஓடும். ஆனால் அது அச்செழுத்துக்குப் பழகியது. கையால் எழுதிய கடிதத்தைக் கொடுத்தால் குப்பைதான் வரும். கிளவுட் சேவை கையெழுத்தை ஓரளவு நன்றாகவே படிக்கும், பக்கத்துக்கு இவ்வளவு என்று காசும் வாங்கும்.

உதாரணமாக, உங்களிடம் உள்ள 600 பக்கத்தில் 450 தட்டச்சு, 150 கையெழுத்து என்றால் முதலில் பிரித்துவிடுங்கள். தட்டச்சுக்கு இது போதும்:

```
tesseract p01.png p01 -l tam tsv
```

வரும் கோப்பில் `conf` எண், அதாவது சொல்லை எவ்வளவு உறுதியாகப் படித்தது என்பதைக் காட்டும் எண், குறைவாக உள்ள சொற்களை மட்டும் கண்ணால் பாருங்கள். கையெழுத்துப் பக்கங்களுக்கு மட்டும் காசு செலவழியுங்கள். அதற்கு முன், அந்தச் சேவை உங்கள் மொழியின் கையெழுத்தைப் படிக்குமா என்று 10 பக்கம் கொடுத்துப் பார்ப்பது அவசியம்.

எனக்குப் பெரிய கவலை வேறு. டெசராக்டின் பிழை பெரும்பாலும் பார்த்ததுமே தெரியும். கிளவுட் சேவையோ 'மாடசாமி'யை 'மாரிசாமி' என்று அழகாகத் தப்பாக எழுதிவிடலாம். அதனால் பெயர், தேதி, தொகை மூன்றையும் மூலத்தோடு ஒப்பிட ஒருவர் வேண்டும். அவருடைய நேரத்தையும் பட்ஜெட்டில் சேருங்கள்.