24 கிராமா, 25 கிராமா? இரண்டு புரதப் பவுடர், ஒரு பார், பின்பக்க எழுத்து

கோலாலம்பூர் கடைகளில் பவுடர் டப்பாவின் முன்பக்கத்தை மட்டும் பார்த்தால், 25 கிராம் போட்டிருப்பது 24 கிராமை எளிதாகத் தோற்கடித்துவிடும். விலையும் குறைவாக இருந்துவிட்டால் யோசிக்கவே மாட்டோம். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் முடிவு மாறலாம். இந்த அலசல் மூன்று சரக்குகளைப் பற்றியது: பாலிலிருந்து எடுக்கும் 'வே' புரதத்தில் செய்த, சேர்மானம் குறைவான சாதா வே பவுடர், பல பொருள் கலந்த 'புளெண்ட்' பவுடர், அப்புறம் ஒரு புரோட்டீன் பார். என் கை சாதா வே பக்கம்தான் போகிறது. அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன்.

ஆய்வகத்தில் புரதத்தை அளக்கும் வழக்கமான வழி, நைட்ரஜனை அளப்பது. 1883-ல் டென்மார்க்கைச் சேர்ந்த கெல்டால் கொண்டுவந்த முறை அது. புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதால், கிடைத்த நைட்ரஜனை 6.25 ஆல் பெருக்கி 'இவ்வளவு புரதம்' என்று எழுதுகிறார்கள். அந்த நைட்ரஜன் பாலிலிருந்து வந்ததா, மலிவான அமினோ அமிலத்திலிருந்து வந்ததா என்று இந்த முறைக்குத் தெரியாது. 2008-ல் சீனாவில் பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற தொழிற்சாலை இரசாயனத்தைக் கலந்தவர்கள் நுழைந்தது இதே ஓட்டை வழியாகத்தான். பவுடர்களில் சேர்ப்பது மெலமைன் போல நஞ்சு அல்ல: கிளைசின், டாரின், கிரியேட்டின் போன்றவை. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் நாம் காசு கொடுத்தது அதற்கில்லை.

சுத்தமான கிளைசினில் நைட்ரஜன் சுமார் 18.7 விழுக்காடு. 6.25 ஆல் பெருக்கினால் 100 கிராம் கிளைசின் 117 கிராம் 'புரதமாக' எழுந்து நிற்கும். டாரின் 70 கிராம். கிரியேட்டின் மோனோஹைட்ரேட் 176 கிராம்!

இப்போது கணக்குக்காக இரண்டு டப்பாக்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரு கிலோ. முதல் டப்பா 150 ரிங்கிட், ஒரு ஸ்கூப் 32 கிராம், அதில் புரதம் 24 கிராம். சேர்மானம்: வே கான்சென்ட்ரேட், கொக்கோ, சுவையூட்டி, லெசிதின், சுக்ரலோஸ். இரண்டாவது 120 ரிங்கிட், ஸ்கூப் 35 கிராம், புரதம் 25 கிராம். சேர்மானத்தில் 'புரோட்டீன் மேட்ரிக்ஸ்' என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் வே கான்சென்ட்ரேட், கிளைசின், கிரியேட்டின், டாரின். சேர்மானங்கள் எடை இறங்குவரிசையில்தான் வரும், ஆனால் இப்படி ஒரு கூட்டுப்பெயருக்குள் போட்டுவிட்டால் எது எவ்வளவு என்று வெளியே தெரியாது. ஸ்கூப்புக்கு கிளைசின் 3 கிராம், கிரியேட்டின் 1, டாரின் 1 என்று வைத்தால், நைட்ரஜன் கணக்கில் இவை மட்டுமே 6 கிராம் புரதமாகத் தோன்றும். பாலிலிருந்து வந்தது 19 கிராம்தான்.

காசுக் கணக்கைப் பாருங்கள். முதல் டப்பாவில் மொத்தம் 750 கிராம் புரதம், கிராமுக்கு 20 சென். இரண்டாவது, லேபிள்படி 714 கிராம், கிராமுக்கு 17 சென், மலிவு. உண்மைப் புரதத்தை வைத்துப் பார்த்தால் 543 கிராம், கிராமுக்கு 22 சென். மலிவு டப்பாதான் விலை கூடியது.

சரி, உள்ளே எவ்வளவு கிளைசின் என்று தெரியாமல் இதைப் பிடிப்பது எப்படி? லியூசின் என்ற அமினோ அமிலம் வழியாக. வே புரதத்தில் லியூசின் ஏறத்தாழ 10 முதல் 11 விழுக்காடு. அமினோ அமிலப் பட்டியலில் ஒரு ஸ்கூப்புக்கான லியூசினை எடுத்து, ஸ்கூப்பின் புரதத்தால் வகுத்து, 100 ஆல் பெருக்குங்கள். முதல் டப்பாவில் லியூசின் 2.5 கிராம், 24 ஆல் வகுத்தால் 10.4. இரண்டாவதில் 2.0 கிராம், 25 ஆல் வகுத்தால் 8. வே மட்டுமே என்று சொல்லும் பவுடரில் 8 வந்தால் ஏதோ இருக்கிறது. கூடவே கிளைசின் வரிசையையும் பாருங்கள். வே புரதத்தில் இயல்பாக 100 கிராமுக்கு 2 கிராம் அளவுதான் இருக்கும். 10, 12 என்று நின்றால் அது கொட்டியது. டாரின் எந்தப் புரதத்திலும் கட்டமைப்பாக வருவதில்லை, எனவே ஒரு வே பவுடரின் பட்டியலில் அது பெரிய எண்ணோடு நின்றாலே சேர்த்தது என்று அர்த்தம். குளூட்டமிக் அமிலம் 15, 17 என்று பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பால் புரதத்தின் இயல்பே அது.

தவறு நடக்கும் இடமும் இங்கேதான். சில பட்டியல் '100 கிராம் பவுடருக்கு', சில '100 கிராம் புரதத்துக்கு', சில ஸ்கூப்புக்கு. 75 விழுக்காடு புரதமுள்ள நல்ல பவுடரில் 100 கிராம் பவுடருக்கு லியூசின் 7.9 கிராம்தான் வரும். அதை 10-உடன் நேராக ஒப்பிட்டு நல்ல சரக்கைத் திட்டக்கூடாது. தலைப்பு வரியைப் படித்துவிட்டு வகுங்கள்.

இந்தக் கணக்குக்கு எல்லை உண்டு. சோயா, பட்டாணிப் புரதத்தில் லியூசின் இயல்பாகவே 8 பக்கம்தான். அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. சேர்மானத்தில் எல்-லியூசின் தனியாக இருந்தால் விகிதம் செயற்கையாக உயரும். அப்போது லைசினைப் பாருங்கள், வே புரதத்தில் அது 9 விழுக்காடு பக்கம் இருக்க வேண்டும். பட்டியலே போடாத டப்பாவாக இருந்தால், சேர்மானத்தை மட்டும் வைத்து முடிவு செய்யலாம்: வே தவிர வேறு அமினோ அமிலப் பெயர் எதுவும் இல்லாததை எடுங்கள். கிரியேட்டின் வேண்டுமென்றால் தனியாக வாங்கிக் கலக்கிக்கொள்ளலாம்.

இனிப்பு விஷயத்தில் பவுடர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. சுக்ரலோஸ், அசெசல்ஃபேம்-கே, சிலவற்றில் ஸ்டீவியா. மில்லிகிராம் அளவில் போடுவதால் கலோரிக் கணக்கில் வராது. அஸ்பார்டேம் இருந்தால் ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஆகாது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியை மட்டும் தேடிப் பாருங்கள்: 'சர்க்கரை' வரியில் வராது, ஆனால் இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். மொத்தக் கார்போஹைட்ரேட் வரிதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பாரில்தான் இனிப்பு பெரிய ஆள். 60 கிராம் பாரில் 'சர்க்கரை 2 கிராம்' என்று போட்டிருக்கும், கார்போஹைட்ரேட் 22 என்று பக்கத்திலேயே இருக்கும். நடுவில் இருக்கும் 20 கிராமில் பெரும்பங்கு மால்டிடால் என்ற சர்க்கரை ஆல்கஹால் என்றால், வயிறு உப்பி கழிப்பறைக்கு ஓட வைக்கும் அளவு அது, காலி வயிற்றில் சாப்பிட்டால் கேட்கவே வேண்டாம். இரத்தச் சர்க்கரையையும் சீனி அளவுக்கு இல்லாவிட்டாலும் ஏற்றும்; நீரிழிவுள்ளவர்கள் இதை 'சர்க்கரை இல்லாதது' என்று நம்பி இரண்டு சாப்பிடக்கூடாது. அதே வகை எரித்ரிட்டால் போட்டது இந்த இரண்டு விஷயத்திலும் சாது.

பாரின் புரதத்திலும் ஒரு கோணல். மென்மைக்காகவும் விலைக்காகவும், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் கொலாஜென் சேர்ப்பார்கள். அதில் டிரிப்டோஃபான் கிடையாது, லியூசின் 3 விழுக்காடு அளவுதான். 20 கிராம் புரதத்தில் 8 கிராம் கொலாஜென் என்றால் தசைக்கு உதவுவது மீதி 12 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நம் வீடுகளில் மாட்டிறைச்சி தொடாதவர்கள் பலர். ஹலால் முத்திரை பன்றி இல்லை என்று சொல்லும். மாடு இல்லை என்று சொல்லாது. கொலாஜென், ஜெலட்டின் பெயருக்குப் பக்கத்தில் 'போவைன்' அல்லது மலாயில் 'லெம்பு' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மூலம் எழுதாத கொலாஜெனை நான் அலமாரியிலேயே விட்டுவிடுவேன்.

'புரதம் அதிகம்' என்ற முன்பக்க வாசகத்துக்குப் பெரிய எடை வேண்டாம். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அளவுகோலில் 100 கிராம் திட உணவுக்கு 10 கிராம் புரதம் இருந்தாலே அந்த வார்த்தை போடலாம். 40 கிராம் பாரில் அது 4 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. பயணத்தில், மாமாக் கடைகூட இல்லாத இடத்தில் மாட்டிக்கொள்ளும் நாளுக்கு ஒரு பார் பையில் இருக்கட்டும். தினசரிக்கு, பின்பக்கத்தில் ஐந்தே ஐந்து பெயர் இருக்கும் அந்த 24 கிராம் டப்பா.