மெயினை அணைப்பதா, எம்சிபியை மட்டும் இறக்குவதா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டி மெதுவாக நகர்ந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. அதுபோன்ற இடத்தில் ஒரு தரைத்தள வீட்டை எடுத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ் பிளக் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கிறது. மெயின் சுவிட்ச் ஹாலில், தலை உயரத்தில். இன்வெர்ட்டரும் பேட்டரியும் மூலையில் தரையிலேயே இருக்கின்றன.

இந்த வீட்டுக்காரர் முன் இரண்டு வழிகள் உண்டு. புயல் எச்சரிக்கை வந்ததுமே மெயினை அணைத்துவிடலாம். அல்லது ஏசி, ஹீட்டர், மோட்டார், வெளி விளக்கு ஆகியவற்றின் எம்சிபிகளை, அதாவது ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் சுவிட்சுகளை, மட்டும் இறக்கிவிட்டு ஃப்ரிட்ஜையும் இரண்டு விளக்குகளையும் ஓடவிடலாம்.

இரண்டாவது வழிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது ஃப்ரிட்ஜ்தான். ஆனால் கதவைத் திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரை தாங்கும். ஆக, சில மணி நேரம் முன்னதாக அணைப்பதால் பெரிய இழப்பு இல்லை. காற்றில் கம்பி அறுந்தால் எப்படியும் கரண்ட் போகும். அதைவிட மோசம், மும்முனை லைனில் நியூட்ரல் மட்டும் அறுவது. அப்போது 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட வரலாம். பல்பு திடீரென்று பளிச்சென எரிந்தால், ஃபேன் வேகமெடுத்தால், அதுதான் அறிகுறி. ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜும் டிவியும் அதில் போய்விடும்.

தனி எம்சிபி பெரும்பாலும் பேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கும். இரட்டை முனை மெயின் பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும். என் கணக்கில் மெயின்தான் சரி. அதற்கு முன் மேல் தொட்டியை நிரப்பிவிடுங்கள், போன்களுக்குச் சார்ஜ் போட்டுவிடுங்கள். அப்புறம் எல்லா பிளக்கையும் உருவி, கேபிள் டிவி ஒயரையும் கழற்றிவிடுங்கள். இடி அருகில் விழுந்தால் சுவிட்ச் அணைந்திருப்பது போதாது.

மழை மட்டும்தான், தண்ணீர் வாசல் பக்கமே வராத வீடு என்றால் எம்சிபி வழி சமாளிக்கும். ஆனால் தண்ணீர் கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் மெயினை உடனே அணைக்க வேண்டும். காலடியில் தண்ணீர் வந்த பிறகு சுவிட்ச் பலகையைத் தொடவே கூடாது. அதன் பிறகு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ அழைத்து, தெருவுக்கே மின்சாரத்தை நிறுத்தச் சொல்வதுதான் வழி.

இரண்டு வழிக்காரர்களும் மறப்பது இன்வெர்ட்டர். மெயினை அணைத்தால் இன்வெர்ட்டருக்கு அது சாதாரண பவர் கட். உடனே பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை எடுத்து வீட்டு ஒயரிங்குக்குள் அனுப்பும். மெயின் அணைந்த வீட்டிலும் தண்ணீரில் மூழ்கிய பாயிண்டில் கரண்ட் இருக்கலாம். ஆகவே மெயினுக்கு அடுத்து இன்வெர்ட்டர் சுவிட்சையும் அணைத்து, பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு.

பிறகு தூக்கி வைக்கும் வேலை. முதலில் இன்வெர்ட்டரும் பேட்டரியும்தான். 150 ஏஎச் பேட்டரி ஆசிட்டோடு 50 கிலோவுக்கு மேல் வரும். இரண்டு பேர் சேர்ந்து, சாய்க்காமல் தூக்க வேண்டும். சாய்த்தால் ஆசிட் கசியும்.

ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஹாலோ பிளாக்கா, கட்டிலா? எட்டு அங்குல பிளாக்கைப் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டால் கணுக்கால் அளவு தண்ணீருக்குப் போதும். அடியில் இருக்கும் கம்ப்ரஸர் தப்பும். முழங்கால் வரை வரும் தெருவில் பிளாக்கை அடுக்கினால் ஆடும். அங்கே கனமான இரும்புக் கட்டில் மேல். பிளைவுட் கட்டில் வேண்டாம், ஊறினால் உப்பி உடையும். அதற்கும் மேல் தண்ணீர் வரும் என்றால் ஃப்ரிட்ஜ் மிதக்கும், மிதந்து கவிழும். அப்போது ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டி வைப்பது தவிர வேறு வழியில்லை. மிக்சி, டிவி, இன்வெர்ட்டர் பெட்டி எல்லாம் மாடி வீட்டுக்குப் போகட்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு மெயினைப் போடும் அவசரம்தான் பலரையும் மாட்டவைக்கிறது. பாயிண்டுக்குள் ஈரமும் சேறும் இருக்கும்போது, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இறங்கினால் அது தன் வேலையைச் செய்கிறது. திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்காதீர்கள். எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு லைனாக, கசிவைச் சோதிக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்த்து, நல்ல லைனை மட்டும் இணைக்கட்டும். நனைந்த லைன் காயும்வரை பிரிந்தே இருக்கட்டும்.