சாட்டா முனை நாலும் சரியாக இருந்தும் ஒரு டிஸ்க்கும் தெரியவில்லை: சாஸ் கேபிள் வாங்குபவர்கள் கவனிக்க

திருகோணமலையில் சின்னதாக ஒரு வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோக்கள் நிரம்பி வழிந்ததால், பழைய சர்வர் ஒன்றில் எட்டு சாட்டா டிஸ்க்குகளைப் போட நினைத்தேன். பல டிஸ்க்குகளை சர்வரோடு இணைக்கும் LSI 9211-8i என்ற பழைய சாஸ் கார்ட் ஒன்று கிடைத்தது. அதில் இரண்டு வாய்கள். ஒவ்வொன்றிலும் நாலு தடம். ஒரு கேபிளின் அகலமான முனையைக் கார்டில் செருகினால், மறுமுனை நாலாகப் பிரிந்து நாலு டிஸ்க்குக்குப் போகும். இது ஒரு வாயை நாலு பேர் பங்கு போடும் ஹப் மாதிரி இல்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித் தடம். அதனால்தான் மதர்போர்டின் ஒற்றைச் சாட்டா வாயில் இந்த வேலை நடக்காது.

கொழும்பில் ஒரு கடைக்குப் போன் பண்ணி, "கார்டில இருந்து டிஸ்க்குக்குப் போற கேபிள் ரெண்டு வேணும்" என்று தெளிவாகவே சொன்னேன். கூரியரில் இரண்டும் வந்தன. கார்டில் கச்சிதமாகப் பொருந்தி, பூட்டும் 'டிக்' என்று விழுந்தது. டிஸ்க்குகள் சுழலும் சத்தமும் கேட்டது. ஆனால்:

```
lspci | grep -i sas
lsblk -o NAME,SIZE,MODEL
```

முதல் கட்டளையில் SAS2008 என்று கார்ட் தெரிந்தது. இரண்டாவதில் எட்டு டிஸ்க்கில் ஒன்றுகூட இல்லை.

கடைக்குத் திரும்பவும் போன் பண்ணினேன். "அண்ணை, டிஸ்க் ஒண்டும் காட்டேல்லை."

"தம்பி, கேபிள் எண்டா கேபிள்தான். உங்கட டிஸ்க் செத்திருக்கும், இல்லாட்டி கார்ட் பழுது. எங்களிட்ட நல்ல கார்ட் ஒண்டு இருக்கு, அனுப்பட்டோ?"

எட்டு டிஸ்க்கும் ஒரே நாளில் சாகுமா? ஒன்றைக் கழற்றி, சாதாரணச் சாட்டா கேபிளில் மதர்போர்டில் மாட்டினேன். உடனே வந்தது. நல்லவேளை, கார்டுக்குக் காசு கட்டவில்லை.

கிண்ணியாவில் சர்வர் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் கேபிளைக் கொண்டு போனேன். கையில் வாங்கியதும் அவர் கேட்டது, "இது ஃபோர்வர்டா, ரிவர்ஸா?" எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போவது ஃபோர்வர்ட் பிரேக்அவுட். மதர்போர்டின் நாலு சாட்டா வாய்களிலிருந்து, டிஸ்க்குகள் செருகும் பேக்பிளேனுக்குப் போவது ரிவர்ஸ் பிரேக்அவுட். இரண்டிலும் முனைகள் அச்சு அசல் ஒரே மாதிரி. உள்ளே கம்பிகள்தான் மாறியிருக்கும். அனுப்பும் ஜோடி எதிர்ப்பக்கத்தின் வாங்கும் ஜோடிக்குப் போக வேண்டும். தவறான கேபிளில் கார்டின் அனுப்பும் ஜோடி டிஸ்க்கின் அனுப்பும் ஜோடியோடு போய் முட்டும். இரண்டு பேரும் பேசுகிறார்கள், கேட்க ஆளில்லை. எதுவும் எரியாது, டிஸ்க் தெரியாது, அவ்வளவுதான். மின்சாரம் வேறு வயரில் போவதால் டிஸ்க் சுழலத்தான் செய்யும். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

அவரிடம் சாதாரண பேக்பிளேன் ஒன்று இருந்தது, சில தடங்களைப் பல டிஸ்க்குகளுக்குப் பங்கிடும் எக்ஸ்பாண்டர் சிப் இல்லாதது. என் கேபிளின் நாலு சாட்டா முனைகளை மதர்போர்டில் செருகி, அகல முனையை பேக்பிளேனில் மாட்டினார். நாலு டிஸ்க்கும் வரிசையாகத் தெரிந்தன. ரிவர்ஸ்தான், சந்தேகமே இல்லை. (எக்ஸ்பாண்டர் உள்ள பேக்பிளேனில் இந்தச் சோதனை செல்லாது. மதர்போர்டின் சாட்டா வாய்க்கு அதோடு பேசத் தெரியாது.)

இதைச் சொல்லிக் கடைக்குப் போன் பண்ணினால் வந்த பதிலைப் பாருங்கள்: "அப்ப கேபிள் வேலை செய்யுது தானே தம்பி, பிறகென்ன?" திருப்பி எடுக்கவும் இல்லை, மாற்றித் தரவும் இல்லை. கேட்டது வேறு, தந்தது வேறு என்பதை அவர் கடைசிவரை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீங்கள் வாங்கும்போது "சாஸ் கேபிள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலில் கார்டின் வாயைப் பாருங்கள். 9211-8i போன்ற பழைய கார்டுகளில் இருப்பது SFF-8087, தட்டையாக அகலமாக இருக்கும். 9300-8i போன்ற பிந்தியவற்றில் SFF-8643, அதைவிட ஒடுங்கியது, ஒன்று மற்றதில் நுழையாது. மறுமுனையில் தரவும் மின்சாரமும் சேர்ந்த ஒரே நீளக் கட்டையாக இருந்தால் அது SFF-8482. சாஸ் டிஸ்க்குக்கென்று செய்தது, சாட்டா டிஸ்க்கும் அதில் ஏறும். ஆனால் சாஸ் டிஸ்க்கில் தரவுக்கும் மின்சாரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி அடைபட்டிருப்பதால், சாதாரணச் சாட்டா முனை அதில் ஏறாது. இதெல்லாம் கண்ணால் பிடிக்கக்கூடியவை. ஃபோர்வர்டா ரிவர்ஸா என்பதை மட்டும் கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் "ஹோஸ்ட் பக்கம் SFF-8087, டிஸ்க் பக்கம் நாலு சாட்டா, ஃபோர்வர்ட்" என்று எழுத்தில் அனுப்பி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். நான் போனில் பேசியதால் கையில் ஒரு ஆதாரமும் இல்லை.

பிறகு வேறு இடத்தில் ஃபோர்வர்ட் கேபிள் இரண்டு எடுத்தேன். மாட்டிய உடனே எட்டு டிஸ்க்கும் வந்தன. பழைய இரண்டில் ஒன்றை நண்பர் அரை விலைக்கு எடுத்துக்கொண்டார். மற்றது மேசை லாச்சியில் கிடக்கிறது, மேலே மார்க்கரால் "ரிவர்ஸ்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.